நடுவில் நின்றுபோன குரோமாட்டிட்: அனாஃபேஸில் ஒரு பிழையின் ஆய்வு

பொட்டோரூ என்பது ஆஸ்திரேலியாவில் வாழும், கங்காருவுக்கு உறவான ஒரு சிறிய பிராணி. அதன் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டவை பிடிகே-1 செல்கள். இவற்றில் அனாஃபேஸில், அதாவது செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்கள் பிரிந்து விலகும் கட்டத்தில், இருக்கும் செல்களை நூறு நூறாக எண்ணிக்கொண்டே போனால், நூற்றுக்கு ஒன்று போல ஒரு விசித்திரம் தென்படும். இரட்டித்த குரோமோசோமின் இரு பிரதிகளில் ஒவ்வொன்றும் ஒரு குரோமாட்டிட். மற்ற குரோமாட்டிட்கள் எல்லாம் இரண்டு அணிகளாகப் பிரிந்து இரண்டு துருவங்களை நோக்கிப் போய்விட்டிருக்கும். ஒன்று மட்டும் செல்லின் நடுக்கோட்டிலேயே நிற்கும். டேனியெலா சிமினி, டெட் சால்மன் உள்ளிட்ட ஒரு குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில் இதை எண்ணியே காட்டியது. எந்த மருந்தும் கொடுக்காத செல்களில் 1.16 சதவீத அனாஃபேஸ்களில் இப்படி ஒன்று பின்தங்கி நின்றது. நோக்கடசோல் என்ற மருந்தை 2 மைக்ரோமோலார் அளவில் கொடுத்து, செல்களைப் பாதியில் நிறுத்திவைத்து, பிறகு மருந்தைக் கழுவிவிட்டால் அதே எண்ணிக்கை 17.55 சதவீதமாக ஏறியது.

இந்த ஒரு குரோமாட்டிட்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். செல் பிரிதலில் பிழை வராமல் தடுக்க ஒரு சோதனை முறை இருக்கிறது; அது இயங்கியும் இது எப்படித் தப்பியது என்பதே கேள்வி.

பிடிகே-1 செல்களை ஆய்வாளர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வளர்ப்பில் இருக்கும் பல செல்கள் பிரியும் நேரத்தில் உருண்டு திரண்டுவிடும். உள்ளே நடப்பதைத் தெளிவாகப் பார்ப்பது கடினம். இவை பிரியும்போதும் தட்டையாகவே இருக்கின்றன. மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள் என்றால், பெண் பொட்டோரூவின் செல்லில் இருப்பவை 12 தான், அவற்றில் பலவும் பெரியவை. ஒரு குரோமோசோமைத் தனியாகப் பின்தொடர்ந்து பார்க்க இதைவிட வசதியான பாலூட்டிச் செல் அதிகமில்லை.

சரி, ஒழுங்காக நடந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

டிஎன்ஏ இரட்டிக்கும் காலத்தை ஒட்டியே, நுண்குழல்கள் என்ற புரத இழைகள் முளைக்கும் மையமான சென்ட்ரோசோமும் இரண்டாகத் தொடங்கிவிடும். பிரிதல் நெருங்கும்போது அந்த இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இடையில் உள்ள நுண்குழல்களைப் பற்றிக்கொண்டு கைனீசின்-5 என்ற மோட்டார் புரதம் அவற்றைத் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு சென்ட்ரோசோமிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் நுண்குழல்கள் முளைக்கின்றன. இவை ஒருமுறை வளர்ந்து அப்படியே நிலைத்துவிடும் கம்பிகள் அல்ல. நுனி சிறிது வளரும், திடீரென்று சரசரவென்று சுருங்கும், மறுபடி வளரும். மிட்சிசனும் கிர்ஷ்னரும் 1984-இல் எடுத்துக்காட்டிய இந்த நிலையற்ற தன்மை இல்லாமல், குரோமோசோம்களைப் பிரிக்கும் நுண்குழல் அமைப்பான கதிர்கோல் உருவாவதைப் புரிந்துகொள்ள முடியாது. உட்கருவின் உறை கலைந்ததும் இந்த நுனிகள் குரோமோசோம்கள் இருக்கும் இடத்துக்குள் துழாவத் தொடங்குகின்றன. குரோமோசோம்களின் அருகிலேயும் நுண்குழல்கள் தோன்றுவது உண்டு. தாவரச் செல்களில் சென்ட்ரோசோமே இல்லாமல் கதிர்கோல் அமைகிறது என்பதால், சென்ட்ரோசோம் தவிர்க்க முடியாத ஒன்று என்று சொல்ல முடியாது. ஆனால் விலங்குச் செல்லில் துருவங்கள் எத்தனை, அவை எங்கே என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். இது பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

துழாவும் நுனிகள் பிடித்துக்கொள்ளும் இடம் கைனெட்டோகோர். குரோமோசோமின் இடுக்கமான பகுதியின் இருபுறமும், சகோதரி குரோமாட்டிட் ஒன்றுக்கு ஒன்றாக, இரண்டு கைனெட்டோகோர்கள் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் அமைந்திருக்கின்றன. நுண்குழலை நேரடியாகப் பற்றுவது அதன் வெளிப்புறத்தில் உள்ள என்டிசி80 என்ற புரதக் கூட்டு. பிடிகே-1 செல்லில் ஒரு கைனெட்டோகோர் இருபதுக்கும் மேற்பட்ட நுண்குழல்களைப் பற்றக்கூடியது. மொட்டுவிட்டுப் பெருகும் ஈஸ்ட்டில் ஒரு கைனெட்டோகோருக்கு ஒரே ஒரு நுண்குழல் மட்டுமே சேர்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒன்றே ஒன்றைப் பற்றும் கைனெட்டோகோர் இரண்டு பக்கமும் சேர்த்துப் பற்றிக்கொள்ள வழியே இல்லை. இருபதைப் பற்றும் கைனெட்டோகோருக்கு அந்த ஆபத்து பிறவியிலேயே இருக்கிறது.

சரியான பிணைப்பில் ஒரு சகோதரியின் நுண்குழல்கள் எல்லாம் ஒரு துருவத்திலிருந்தும், மற்றவளுடையவை எல்லாம் எதிர்த் துருவத்திலிருந்தும் வரும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹீசின் என்ற வளையம் போன்ற புரதம். இரு பக்கமும் இழுக்கப்பட்டு, பிரியவும் முடியாமல், குரோமோசோம் நடுக்கோட்டில் நிற்கும். எல்லாக் குரோமோசோம்களும் இப்படி அமையும் வரை செல் காத்திருக்கிறது. காத்திருக்க வைப்பது, நுண்குழல் எதுவும் சேராத கைனெட்டோகோர்தான். அதில் மேட்2 என்ற புரதம் ஏறி உட்கார்ந்துகொண்டு, சிடிசி20 என்ற புரதத்தைச் செயல்படவிடாத ஒரு தடையை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். கடைசிக் கைனெட்டோகோரும் நுண்குழலைப் பிடித்ததும் மேட்2 அங்கிருந்து விலகும், தடை தளரும், விடுபட்ட சிடிசி20-இன் துணையோடு செக்யூரின் சிதைக்கப்படும், அது அடக்கிவைத்திருந்த செப்பரேஸ் என்ற நொதி வெளிப்பட்டுக் கோஹீசினை வெட்டும். அனாஃபேஸ் தொடங்குவது அந்த வெட்டில்தான். பிடிகே-1 செல்களிலேயே கான்லி ரீடரின் குழு 1994-இல் இதை நேரம் வைத்துப் பார்த்தது. கடைசிக் குரோமோசோம் பிணைந்ததிலிருந்து சராசரியாக 23 நிமிடத்தில் அனாஃபேஸ் வந்தது. அதற்கு முன் அந்தக் குரோமோசோம் எவ்வளவு நேரம் காக்கவைத்திருந்தாலும் இந்த இடைவெளி ஏறத்தாழ அதேதான். மறு ஆண்டு அதே குழு, பிணையாமல் இருந்த கடைசிக் கைனெட்டோகோரை லேசரால் அழித்துப் பார்த்தது. குரோமோசோம் சரியாக அமையாமலே செல் அனாஃபேஸுக்குப் போய்விட்டது. தடுத்து வைத்திருந்தது அந்த ஒரு வெற்றுக் கைனெட்டோகோர்தான் என்பது இதிலிருந்து உறுதியானது.

இப்போது நம் பின்தங்கிய குரோமாட்டிட்டுக்கு வருவோம். அனாஃபேஸில் நடுக்கோட்டில் ஏதோ ஒன்று நிற்கிறது என்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வெறும் டிஎன்ஏ சாயத்தில் அவை எல்லாம் ஒரே மாதிரி ஒரு நீலப் பொட்டாகத்தான் தெரியும். உடைந்துபோன ஒரு துண்டாக இருக்கலாம்; அதில் கைனெட்டோகோரே இருக்காது, அதனால் இழுக்கவும் ஆளில்லை. பிரியாமல் ஒட்டியே இருக்கும் முழுக் குரோமோசோமாக இருக்கலாம்; அப்போது இரண்டு கைனெட்டோகோர்கள் இருக்கும். எந்த நுண்குழலும் பிடிக்காமல் விடுபட்டதாக இருக்கலாம். கைனெட்டோகோர் இருக்கும், அதில் இழை இருக்காது. குரோமோசோம்கள் ஒன்றோடொன்று தவறாக ஒட்டிக்கொண்டு இரு துருவத்துக்கும் நடுவே பாலம்போல் நீண்டிருக்கவும் கூடும். அதைப் பார்த்தவுடனே அடையாளம் காணலாம்.

ஆகவே முதல் வேலை கைனெட்டோகோரை எண்ணுவது. அதற்கான எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமேற்றி, கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுத்துப் பார்த்தபோது, பின்தங்கியதில் இருந்தது ஒரே ஒரு கைனெட்டோகோர். அதாவது அது ஒற்றைக் குரோமாட்டிட். அதன் சகோதரி ஏற்கெனவே பிரிந்து போய்விட்டிருந்தது. செப்பரேஸ் தன் வேலையைச் செய்துவிட்டது, கோஹீசின் அறுந்துவிட்டது, பிரிவதில் சிக்கல் இல்லை. உடைந்த துண்டு என்ற வாய்ப்பும் ஒட்டிய ஜோடி என்ற வாய்ப்பும் இந்த ஒரு பார்வையில் விழுந்தன.

இரண்டாவது, இழைகள். அந்த ஒற்றைக் கைனெட்டோகோரிலிருந்து நுண்குழல் கட்டுகள் இரண்டு கிளம்பின. ஒன்று இடத் துருவத்துக்கு, மற்றது வலத் துருவத்துக்கு. எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் இதே அமைப்பு தெரிந்தது. இப்படி ஒரே கைனெட்டோகோர் இரு துருவங்களுடனும் பிணைந்திருப்பதை மெரோடெலிக் பிணைப்பு என்கிறோம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சான்று. அந்தக் கைனெட்டோகோரின் வடிவமே மாறியிருந்தது. வழக்கமாகச் சிறு புள்ளியாக இருக்க வேண்டியது, இரண்டு கட்டுகளின் திசையில் பக்கவாட்டில் 1.2 முதல் 5.6 மடங்கு வரை நீண்டிருந்தது. நின்ற இடத்தில் அது சும்மா நிற்கவில்லை, இரண்டு பக்கமும் பலமாக இழுபட்டுக்கொண்டுதான் நின்றது என்று இதைவிடத் தெளிவாக ஒரு படம் சொல்ல முடியாது. இழுவை இல்லாததால் நகரவில்லை என்று நினைக்கத் தோன்றும் இடத்தில், காரணம் நேர்மாறாக இருந்தது.

அப்புறம் சோதனை முறையின் தடயங்களைப் பார்த்தார்கள். பின்தங்கிய கைனெட்டோகோரில் மேட்2 இல்லை. இழுவிசை இல்லாத கைனெட்டோகோர்களில் ஒளிரும் 3எஃப்3/2 என்ற எதிர்ப்பொருளும் அதில் ஒட்டவில்லை. செல்லின் பார்வையில் இது நன்றாகப் பிணைந்த, நன்றாக இழுபடும் ஒரு கைனெட்டோகோர். புகார் சொல்ல அதனிடம் எதுவுமே இல்லை.

இதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. அந்தச் சோதனை முறை கேட்பது "நுண்குழல் சேர்ந்திருக்கிறதா" என்றுதான். "எந்தத் துருவத்திலிருந்து வந்த நுண்குழல்" என்று அதற்குக் கேட்கத் தெரியாது. இரண்டு சகோதரிகளும் ஒரே துருவத்தோடு பிணைந்துவிட்டால் அங்கே இழுவிசை இருக்காது. பிணைப்பு தளர்ந்து, கைனெட்டோகோர் மறுபடி வெறுமையாகி, மேட்2 ஏறி, செல் காத்திருக்கும். மெரோடெலிக் பிணைப்பில் அந்த வாய்ப்பும் இல்லை. சகோதரி ஒழுங்காக எதிர்ப்பக்கம் பிணைந்திருக்கிறாள், இழுவிசை இருக்கிறது, குரோமோசோம் நடுக்கோட்டில் அழகாக வரிசையில் நிற்கிறது. அனாஃபேஸுக்கு முந்தைய கட்டமான மெட்டாஃபேஸில் எடுத்த சாதாரணப் படத்தில் அதைத் தனியாகச் சுட்டிக்காட்ட முடியாது. கோஹீசின் வெட்டப்பட்டுச் சகோதரி போன பிறகுதான் அது வெளியே தெரிகிறது. அப்போது செல்லால் திரும்பிப் போகவும் முடியாது.

நோக்கடசோல் ஏன் இதைப் பதினைந்து மடங்கு கூட்டியது? அந்த மருந்து நுண்குழல்களைக் கலைத்துவிடும். பிடிக்க ஒன்றும் இல்லாமல் காத்திருக்கும் கைனெட்டோகோர் சும்மா இருப்பதில்லை; விரிந்து, பிறை வடிவத்தில் வளைந்து குரோமோசோமைச் சுற்றிக்கொள்கிறது. பரப்பு அதிகமானால் நுண்குழலைப் பிடிக்கும் வாய்ப்பும் அதிகம், ஆகவே சாதாரண நேரத்தில் இது உதவக்கூடிய மாற்றம்தான். ஆனால் மருந்தைக் கழுவியதும் எல்லாத் திசையிலிருந்தும் நுண்குழல்கள் ஒரே நேரத்தில் முளைத்து வருகின்றன. வளைந்த பிறையின் ஒரு முனை இந்தத் துருவத்தைப் பார்க்கிறது, மறு முனை அந்தத் துருவத்தைப் பார்க்கிறது. இரண்டும் பிடிபடுகின்றன. அந்த ஆய்வாளர்களே முன்வைத்த விளக்கம் இது. வடிவம்தான் பிழைக்கு வழி விடுகிறது என்ற இந்தக் கருத்து பின்னால் புற்றுநோய்ச் செல்களை விளக்கவும் பயன்பட்டது.

அடுத்த கேள்வி இயல்பாகவே வரும். கதிர்கோல் அமைவது இவ்வளவு குருட்டுத்தனமான துழாவல் என்றால், பிழை நூற்றுக்கு ஒன்றோடு எப்படி நிற்கிறது? சிமினியும் கூட்டாளிகளும் அதன் பிறகு செய்த வேலையில், அனாஃபேஸுக்கு முன்பே செல்களை நிறுத்திப் பார்த்தபோது மெரோடெலிக் கைனெட்டோகோர்கள் அங்கே பின்தங்கியவற்றைவிட எவ்வளவோ அதிகமாக இருந்தன. அதாவது பிழை அடிக்கடி நேர்கிறது. பெரும்பாலானவை அனாஃபேஸ் முடிவதற்குள் சரியாகிவிடுகின்றன. சரியாவது இரண்டு கட்டங்களில்.

முதல் கட்டம் அனாஃபேஸுக்கு முன். பிணைந்த நுண்குழல் நிரந்தரமாகப் பிணைந்திருப்பதில்லை. விடுபடும், வேறொன்று வந்து சேரும். சகோதரிக் கைனெட்டோகோர்களுக்கு இடையே அரோரா பி என்ற கைனேஸ் இருக்கிறது. அது என்டிசி80-க்குப் பாஸ்பேட்டைச் சேர்த்து அதன் பிடியைத் தளர்த்துகிறது. தவறான திசையிலிருந்து வந்து உட்பக்கமாக வளைந்து பிணைந்த நுண்குழல் அதன் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் அது முதலில் விடுபடும் வாய்ப்பு அதிகம். இந்த வேலைக்குத் தேவை நேரம். மேட்2-வுக்கு எதிரான எதிர்ப்பொருளைச் செல்லுக்குள் செலுத்தி அவசரப்படுத்தி அனாஃபேஸுக்கு அனுப்பினால் பின்தங்குபவை கூடின. எம்ஜி132 என்ற மருந்தால் செக்யூரின் சிதையாமல் தடுத்து மெட்டாஃபேஸை நீட்டித்தால் குறைந்தன. மெரோடெலிக் பிணைப்பைச் சோதனை முறை அடையாளம் காணாவிட்டாலும், வேறு குரோமோசோம்களுக்காகச் செல் காத்திருக்கும் நேரம் இந்தத் திருத்தத்துக்கும் கிடைத்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ரீடரின் அந்த 23 நிமிடத்தை வேறு கண்ணோடுதான் பார்க்க முடிகிறது.

இரண்டாவது கட்டம் அனாஃபேஸிலேயே நடக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அனாஃபேஸில் இரண்டு இயக்கங்கள் கலந்திருக்கின்றன. ஒன்றில் குரோமாட்டிட் துருவத்தை நோக்கிப் போகிறது: அதன் நுண்குழல்கள் கைனெட்டோகோர் பற்றியிருக்கும் நுனியிலேயே கழன்று குறுகுகின்றன, கைனெட்டோகோர் அந்தக் குறுகும் நுனியை விடாமல் பற்றியபடி பின்தொடர்கிறது. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். மற்றொன்றில் துருவங்களே விலகிக் கதிர்கோல் நீள்கிறது.

இதற்கு எவ்வளவு விசை வேண்டும்? புரூஸ் நிக்லாஸ் 1983-இல் வெட்டுக்கிளியின் விந்தணுக்களை உருவாக்கும் செல்களில் மெல்லிய கண்ணாடி ஊசியால் குரோமோசோமைப் பிடித்துத் தடுத்து அளந்தார். அனாஃபேஸில் போகும் ஒரு குரோமோசோமை நிறுத்த ஏறத்தாழ 700 பிகோநியூட்டன் தேவைப்பட்டது. செல்லின் திரவத்தில் அதை நகர்த்த மட்டும் வேண்டிய விசையோ ஒரு பிகோநியூட்டனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்று கணக்கிடப்படுகிறது. ஆக, திரவத்தின் தடை ஒரு பொருட்டே இல்லை. ஒரு குரோமாட்டிட் நிற்கிறதென்றால், எதிர்ப்பக்க நுண்குழல்கள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன என்று பொருள். முடிவு இரண்டு கட்டுகளின் பலத்தைப் பொறுத்தது.

கணக்குக்காக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு மெரோடெலிக் கைனெட்டோகோரில் 20 நுண்குழல்கள் சரியான துருவத்துக்கும் 4 தவறான துருவத்துக்கும் போகின்றன. கோஹீசின் வெட்டுப்பட்டதும் இது கயிறு இழுக்கும் போட்டி போல ஆகிறது, ஆனால் இங்கே தோற்கும் பக்கத்தின் கயிறு நீளக்கூடியது. தடித்த கட்டு குறுகுகிறது. மெல்லிய கட்டின்மீது ஒவ்வொரு நுண்குழலுக்கும் விழும் இழுவை அதிகமாகி, அது கைனெட்டோகோர் பக்க நுனியில் வளர்ந்து நீள்கிறது. குரோமாட்டிட் மற்றவற்றைவிடச் சற்றுத் தாமதமாக, ஆனால் சரியான துருவத்தின் பக்கமே போய்ச் சேர்கிறது. படத்தில் பார்ப்பவருக்கு அது பிழையாகவே தெரியாமல் போகலாம். இதையே 12-க்கு 12 என்று மாற்றிப் பாருங்கள். எந்தப் பக்கத்துக்கும் மிச்சம் இல்லை. துருவங்கள் விலக விலக இரண்டு கட்டுகளும் நீள்கின்றன, நடுவில் கைனெட்டோகோர் விரிகிறது, குரோமாட்டிட் நடுக்கோட்டிலேயே நிற்கிறது. 2004-இல் சிமினி, கேமரன், சால்மன் மூவரும் உயிருள்ள செல்களில் இரண்டு கட்டுகளின் ஒளிர்வை ஒப்பிட்டுக் காட்டியது இதைத்தான்: தடிமன் வித்தியாசம் பெரிதாக இருந்தவை துருவத்தை நோக்கி நகர்ந்தன, சமமாக இருந்தவை தங்கின. அனாஃபேஸுக்கு முந்தைய திருத்தம் முழுமையாக முடியாவிட்டாலும், தவறான நுண்குழல்களில் சிலவற்றை அகற்றித் தராசைச் சாய்த்துவிட்டாலே போதும், மீதியை இயக்கவியல் பார்த்துக்கொள்கிறது.

முன்பு சென்ட்ரோசோம் பற்றிச் சொன்னது இங்கே சேர்கிறது. பல புற்றுநோய்ச் செல்களில் இரண்டுக்கும் மேற்பட்ட சென்ட்ரோசோம்கள் இருக்கின்றன. தியோடர் போவெரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டு விந்தணுக்கள் நுழைந்த கடல் முள்ளெலி முட்டைகளில் பல துருவக் கதிர்கோல்களைப் பார்த்தார். அதிலிருந்து, கூடுதல் சென்ட்ரோசோம் என்றால் செல் மூன்று நான்காகப் பிரிந்து குரோமோசோம்கள் சிதறும் என்ற எண்ணமே பொதுவாக இருந்தது. 2009-இல் கேனம், கோடின்ஹோ, பெல்மன் மூவரும் அத்தகைய செல்களை நீண்ட நேரம் படம் பிடித்தார்கள். மூன்று நான்காகப் பிரிவது அபூர்வமாகவே நடந்தது. அப்படிப் பிறந்த செல்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. வழக்கமாக நடந்தது வேறு. முதலில் பல துருவங்களோடு கதிர்கோல் அமைகிறது. பிறகு கூடுதல் சென்ட்ரோசோம்கள் ஒன்றாகக் கூடி இரண்டு துருவங்களாகிவிடுகின்றன. செல் இரண்டாகவே பிரிகிறது. ஆனால் அந்த இடைக்காலத்தில் ஒரு கைனெட்டோகோருக்கு முன்னால் இரண்டு துருவங்கள் இருந்தன, அது இரண்டிலிருந்தும் நுண்குழல்களைப் பிடித்துவிட்டது. அந்தத் துருவங்கள் எதிரெதிர்ப் பக்கம் போய்ச் சேரும்போது அது மெரோடெலிக். நோக்கடசோல் கழுவலில் கைனெட்டோகோரின் வடிவம் செய்த வேலையை இங்கே கதிர்கோலின் வடிவம் செய்கிறது. சோதனை முறை இங்கேயும் எதையும் காண்பதில்லை.

நடுவில் நின்ற குரோமாட்டிட் கடைசியில் என்ன ஆகிறது? செல்லின் இடுப்பு சுருங்கி இரண்டாகும்போது அது ஏதோ ஒரு பக்கம் தள்ளப்படும். அது தவறான பக்கம்தான் போகும் என்று வைத்துக்கொண்டு, பின்தங்கியவற்றை எண்ணிக் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழையைக் கணக்கிட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. தாம்சனும் காம்ப்டனும் 2011-இல் மனிதச் செல்களில் பார்த்தபோது பின்தங்கியவற்றில் பெரும்பாலானவை சரியான மகள் செல்லிலேயே சேர்ந்திருந்தன. ஆகவே பின்தங்கல் விகிதம் வேறு, எண்ணிக்கைப் பிழை விகிதம் வேறு. இரண்டாவதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மகள் செல்கள் இரண்டிலும் குறிப்பிட்ட குரோமோசோமுக்கான ஒளிரும் டிஎன்ஏ குறியைப் போட்டுத் தனியாக எண்ணியாக வேண்டும்.

ஆனால் சரியான செல்லில் சேர்ந்தாலும் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. மற்ற குரோமோசோம்களைச் சுற்றி உட்கரு உறை அமையும்போது இது தொலைவில் இருக்கிறது. அதனால் அதற்கென்று தனியாக ஒரு சிறிய உட்கரு உருவாகிவிடுகிறது. அதன் உறை பலவீனமானது, உள்ளே டிஎன்ஏ இரட்டிப்பும் ஒழுங்காக நடப்பதில்லை. பெல்மனின் ஆய்வகம் 2012-இல் காட்டியதுபோல அந்தச் சிற்றுட்கருவில் டிஎன்ஏ உடைகிறது. 2015-இல் அதே ஆய்வகம், இப்படிச் சிக்கிய ஒரே குரோமோசோம் பல துண்டுகளாகி, தாறுமாறான வரிசையில் மறுபடி ஒட்டப்படுவதைத் தனிச்செல் டிஎன்ஏ வரிசைப்படுத்தலில் பார்த்தது. அந்தச் செல்களில் குரோமோசோமின் எண்ணிக்கை சரியாகவே இருக்கக்கூடும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் சோதனையில் இந்தச் சேதம் அகப்படாது.